தீபாவளியைத் தாண்டிப் பார்க்கும் கணக்கு

தமிழ்நாட்டில் ஜவுளிக்கடை நடத்துபவரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால், அவருடைய பதில் எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கும். ஜனவரியில் பொங்கல் துணி ஓடும். பிப்ரவரி, மார்ச்சில் கடை காற்று வாங்கும். மே மாதம் முகூர்த்தப் புடவை, ஜூனில் பள்ளிச் சீருடை. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனாலும் தள்ளுபடிக்குக் கூட்டம் வந்துவிடும். அப்புறம் தீபாவளி. மூன்று வாரத்தில் ஆண்டு வியாபாரத்தில் கணிசமான பங்கு கல்லாவில் விழுந்துவிடும். டிசம்பரில் மார்கழி பிறந்ததும் மறுபடி அமைதி.

இப்படிப்பட்ட கடையின் மாத விற்பனையை வரைபடமாகப் போட்டால் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். வியாபாரம் வளர்கிறதா, தேய்கிறதா என்பது அதில் தெரியாது. நவம்பரைவிட டிசம்பர் குறைவு என்பது செய்தியே இல்லை. தீபாவளி நவம்பரில் வரும் ஆண்டெல்லாம் அப்படித்தான். பருவத்தால் வரும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வழி உண்டா?

உண்டு, மிக எளிய வழி. எந்த மாதத்தில் நின்று பார்த்தாலும், அந்த மாதத்தையும் அதற்கு முந்தைய பதினொரு மாதங்களையும் சேர்த்துக் கூட்டிவிடுவது. ஜூனில் நின்றால் போன ஜூலை முதல் இந்த ஜூன் வரை. அடுத்த மாதம் போன ஆகஸ்ட் முதல் இந்த ஜூலை வரை. எப்போது கூட்டினாலும் அதில் ஒரு பொங்கல், ஒரு ஆடி, ஒரு தீபாவளி இருக்கும். பருவம் முழுவதும் உள்ளே அடங்கிவிடுவதால், ஒரு மொத்தத்தை இன்னொரு மொத்தத்தோடு தயக்கமில்லாமல் ஒப்பிடலாம். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள் இதை ‘எம்.ஏ.டி.’ என்பார்கள். பங்குச்சந்தையில் கம்பெனிகளின் லாபத்தை இப்படிக் கூட்டி ‘டி.டி.எம்.’ என்று போடுவார்கள். இங்கே ‘நகரும் 12 மாத மொத்தம்’ என்று வைத்துக்கொள்வோம்.

பேனாவும் பேரேடும் இருந்தாலே போட்டுவிடக்கூடிய கணக்கு இது. ஆனால் கிளை வாரியாக, பிரிவு வாரியாக, மாதந்தோறும் போட வேண்டுமென்றால் கை வலிக்கும். அந்த வேலையைத்தான் இப்போது பல அலுவலகங்களில் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ செய்கிறது. அதற்குள் கணக்குச் சொல்லும் மொழியின் பெயர் டாக்ஸ். 2010-இல் எக்செலுக்கான பவர் பிவட்டோடு வந்த மொழி. 2015-இல் பவர் பிஐ டெஸ்க்டாப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பிறகு கணக்குப் பிரிவுகளில் நன்றாகப் பரவிவிட்டது. நகரும் மொத்தத்துக்கு டாக்ஸில் நான்கு வரி போதும். அந்த நான்கு வரி எப்போது சரியாக வேலை செய்யும், எப்போது காலை வாரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு கடை, இரண்டு ஆண்டு

திருநெல்வேலிப் பக்கம் ஒரு நடுத்தர ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். கடையும் கீழே வரும் எண்களும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. தீபாவளித் தேதிகள் மட்டும் நாட்காட்டியில் உள்ளபடியே. 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. தொகை எல்லாம் லட்ச ரூபாயில்.

| மாதம் | 2023 விற்பனை | 2024 விற்பனை | வித்தியாசம் | 2024-இல் நகரும் மொத்தம் |
|---|---|---|---|---|
| ஜனவரி | 62 | 65 | +3 | 727 |
| பிப்ரவரி | 40 | 42 | +2 | 729 |
| மார்ச் | 38 | 39 | +1 | 730 |
| ஏப்ரல் | 46 | 48 | +2 | 732 |
| மே | 58 | 60 | +2 | 734 |
| ஜூன் | 52 | 50 | −2 | 732 |
| ஜூலை | 60 | 61 | +1 | 733 |
| ஆகஸ்ட் | 64 | 66 | +2 | 735 |
| செப்டம்பர் | 42 | 43 | +1 | 736 |
| அக்டோபர் | 98 | 186 | +88 | 824 |
| நவம்பர் | 120 | 45 | −75 | 749 |
| டிசம்பர் | 44 | 46 | +2 | 751 |

2023 முழு ஆண்டு விற்பனை 724 லட்சம். அதிலிருந்து கிளம்புகிறது கடைசிப் பத்தி. மாத விற்பனை ஜனவரியில் 65, பிப்ரவரியில் 42 என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிகிறது. நகரும் மொத்தமோ அதே பிப்ரவரியில் 727-இலிருந்து 729-க்கு ஏறுகிறது. இரண்டுமே உண்மைதான். பிப்ரவரி ஜனவரியைவிட மந்தம், ஆனால் போன பிப்ரவரியைவிடத் தேவலை.

இந்த அட்டவணையில் உற்றுப் பார்க்க வேண்டியது நான்காவது பத்தி. நகரும் மொத்தம் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு மாறுகிறதோ, அது அப்படியே அந்த வித்தியாசத் தொகைதான். பன்னிரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் பதின்மூன்றாவது ஆள் வந்தால் மறுமுனையில் ஒருவர் எழுந்துகொள்ள வேண்டும், அந்த மாதிரி. 2024 பிப்ரவரி உள்ளே வருகிறது, 2023 பிப்ரவரி வெளியே போகிறது. மற்ற பதினொரு மாதங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே மாற்றம் என்பது வந்தவர் கழித்தல் போனவர்.

இது தெரிந்துவிட்டால் நகரும் மொத்தத்தைப் பற்றிய முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். கோடு ஏறினால் இந்த மாதம் போன ஆண்டின் இதே மாதத்தைவிட அதிகம், இறங்கினால் குறைவு. ஜூனில் 734-இலிருந்து 732-க்கு இறங்கியிருப்பதைப் பார்த்தால் சீருடை வியாபாரத்தை விசாரிக்க வேண்டும் என்று புரியும். மாத விற்பனையை மட்டும் பார்த்தால் மே 60, ஜூன் 50. வழக்கமான சரிவு என்று கடந்து போயிருப்பார்கள்.

நான்கு வரி

பவர் பிஐ-க்குள் இந்தக் கடைக்கு இரண்டு டேபிள் போதும். ஒன்று Sales, போட்ட பில் ஒவ்வொன்றும் ஒரு வரியாக, தேதியும் தொகையும் சேர்ந்து அதில் இருக்கும். இன்னொன்று Date, அதில் நாள் ஒன்றுக்கு ஒரு வரி, பக்கத்தில் மாதம், ஆண்டு. இரண்டையும் தேதியால் இணைத்திருக்கிறார்கள். முதலில் வெறும் கூட்டல்:

```
Total Sales = SUM ( Sales[Amount] )
```

இப்படி எழுதி வைக்கும் கணக்கைப் பவர் பிஐ-யில் ‘மெஷர்’ என்பார்கள். இது விடையைச் சேமித்து வைப்பதில்லை. வரைபடத்தில் அக்டோபர் 2024 என்ற இடத்தில் நின்றால், அந்த மாதத்துப் பில்களை மட்டும் வடிகட்டி எடுத்து அப்போதைக்கப்போது கூட்டும். நகரும் மொத்தத்துக்கு அந்த வடிகட்டியைத்தான் மாற்ற வேண்டும். ஒரு மாதத்தை மட்டும் விடாமல், அது முடியும் நாளிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதத்தை விடச் சொல்ல வேண்டும்.

```
Sales R12 =
CALCULATE ( [Total Sales],
    DATESINPERIOD ( 'Date'[Date], MAX ( 'Date'[Date] ), -12, MONTH )
)
```

உள்ளிருந்து வெளியே படிக்கலாம். `MAX` நாம் நிற்கும் மாதத்தின் கடைசி நாளைத் தருகிறது. அக்டோபர் என்றால் 2024 அக்டோபர் 31. `DATESINPERIOD` அந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் பின்னால் போய், 2023 நவம்பர் 1 முதல் 2024 அக்டோபர் 31 வரையுள்ள தேதிகளைப் பொறுக்கித் தருகிறது. `CALCULATE` பழைய வடிகட்டியை எடுத்துவிட்டு இந்தப் புதிய தேதிப் பட்டியலை வைத்து, அதன்பின் கூட்டச் சொல்கிறது.

கிளை, பிரிவு போன்ற மற்ற வடிகட்டிகளை இது தொடாது. சீருடைப் பிரிவை மட்டும் தேர்ந்தெடுத்தால் சீருடைக்கு மட்டும் பன்னிரண்டு மாத மொத்தம் வரும். அதேபோல, பக்கத்தின் மேலே 2024 என்று ஆண்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாலும் ஜனவரி 2024-க்கான மொத்தம் 2023-க்குள் போய்க் கூட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை எழுதிய மெஷர் எல்லா இடத்திலும் பொருந்துவது இதனால்தான்.

ஒரு விஷயம் பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும். இந்தப் பத்தியின் அடியில் வரும் 2024 மொத்தம் 751 என்றிருக்கும். மேலேயுள்ள பன்னிரண்டு எண்களைக் கூட்டினால் ஒன்பதாயிரத்தை நெருங்கும். பிழை ஏதுமில்லை. ஆண்டு வரியில் நிற்கும்போது கடைசி நாள் டிசம்பர் 31. அங்கிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதம் என்பது அந்த ஆண்டேதான். நகரும் மொத்தங்களை ஒன்றோடொன்று கூட்டுவதில் அர்த்தமில்லை, ஏனென்றால் ஒரே பில் பன்னிரண்டு மொத்தங்களிலும் இருக்கும்.

எண் மாறவில்லை என்றால்

இந்த மெஷரை எழுதிய பலர் முதலில் சந்திக்கும் தொல்லை ஒன்று உண்டு. பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் நகரும் மொத்தம் என்று வரும் எண்ணும் அந்த மாத விற்பனையும் அச்சு அசல் ஒன்றாக இருக்கும். பிப்ரவரியில் 729 வர வேண்டிய இடத்தில் 42.

காரணம் தேதி டேபிளில் இருக்கிறது. வரைபடத்தில் நாம் வைத்திருப்பது மாதத்தின் பெயர், அதாவது Date டேபிளின் மாதப் பத்தி. மெஷர் மாற்றி வைப்பது தேதிப் பத்தியின் வடிகட்டியை. மாதப் பத்தியில் ‘பிப்ரவரி 2024’ என்ற வடிகட்டி அப்படியே நின்றுவிட்டால், பன்னிரண்டு மாதத் தேதிகளில் பிப்ரவரி 2024-இல் அடங்குபவை மட்டுமே மிஞ்சும். பழைய கதைதான் திரும்ப வரும்.

அந்த மாத வடிகட்டியையும் சேர்த்துத் துடைக்கும் வேலையை டாக்ஸ் தானாகச் செய்யும், ஆனால் Date டேபிளைத் தேதி டேபிள் என்று அது அடையாளம் கண்டிருக்க வேண்டும். இரண்டு டேபிளும் உண்மையான தேதி வகைப் பத்தியால் இணைந்திருந்தால் அடையாளம் கண்டுகொள்ளும். பல கம்பெனிகளில் பழைய தரவுத்தளப் பழக்கப்படி 20241031 என்று முழு எண்ணால் இணைத்திருப்பார்கள். அங்கேதான் சிக்கல். தீர்வு, Date டேபிளைத் தேர்ந்தெடுத்து `Mark as date table` என்பதைச் சொடுக்கி, தேதிப் பத்தி எது என்று காட்டிவிடுவது. பிப்ரவரியில் உடனே 729 வந்து நிற்கும்.

தேதி டேபிளுக்கு வேறு சில நிபந்தனைகளும் உண்டு. ஒரு நாள்கூட விடுபடக் கூடாது, ஒரே தேதி இரண்டு முறை வரக் கூடாது, வெற்றிடம் இருக்கக் கூடாது, தொடங்கும் ஆண்டும் முடியும் ஆண்டும் முழுமையாக இருக்க வேண்டும். கடை ஞாயிற்றுக்கிழமை அடைப்பு என்றாலும் ஞாயிறு அந்த டேபிளில் இருக்க வேண்டும். Sales டேபிளின் பில் தேதியையே வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். பில் போடாத நாட்கள் அதில் இருக்காது என்பதால் அது சரிப்படாது. டாக்ஸிலேயே ஒரு வரியில் முழு டேபிளை உண்டாக்கிக்கொள்ளலாம்:

```
Date = CALENDAR ( DATE ( 2022, 1, 1 ), DATE ( 2026, 12, 31 ) )
```

இரண்டு முனையிலும் ஓட்டை

நான்கு வரி மெஷர் நடுவில் உள்ள மாதங்களுக்குச் சரியாக வரும். தொடக்கத்திலும் முடிவிலும்தான் தகராறு.

கடையின் பில்கள் 2023 ஜனவரியிலிருந்துதான் கணினியில் இருக்கின்றன என்று கொள்வோம். 2023 மார்ச்சில் நின்றால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதம் கிடையாது. மூன்று மாதம்தான் இருக்கிறது. மெஷர் குறை சொல்லாமல் அந்த மூன்றையும் கூட்டி 140 என்று காட்டும். ஏப்ரலில் 186, மே மாதம் 244. வரைபடத்தில் முதல் ஆண்டு முழுக்க ஒரு மலையேற்றம் தெரியும். விஷயம் தெரியாதவர் அதைப் பிரமாதமான வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் பதினொரு மாதங்களைக் காலியாக விடுவதே முறை.

மறுமுனையில், இன்று 2025 மே 12 என்று வைத்துக்கொள்வோம். மே மாதத்தின் கடைசி நாள் 31 என்பதால் மெஷர் 2024 ஜூன் 1 முதல் 2025 மே 31 வரை கூட்டும். ஆனால் மே மாத விற்பனை பன்னிரண்டு நாளுக்குத்தான் வந்திருக்கிறது. போன மே முழுதாக வெளியே போய்விட்டது, இந்த மே பாதிகூட உள்ளே வரவில்லை. கோட்டின் நுனி எல்லா மாதமும் முதல் வாரங்களில் தொங்கும், மாதக் கடைசியில் நிமிரும். தேதி டேபிள் 2026 டிசம்பர் வரை போவதால், இன்னும் வராத மாதங்களுக்கும் தேய்ந்துகொண்டே போகும் ஒரு வாலும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டையும் அடைக்கும் மெஷர் கொஞ்சம் நீளம்:

```
Sales R12 =
VAR FirstSale = CALCULATE ( MIN ( Sales[Date] ), REMOVEFILTERS ( 'Date' ) )
VAR LastSale = CALCULATE ( MAX ( Sales[Date] ), REMOVEFILTERS () )
VAR EndDate = MIN ( MAX ( 'Date'[Date] ), LastSale )
RETURN
IF ( MIN ( 'Date'[Date] ) <= LastSale
        && EDATE ( EndDate, -12 ) + 1 >= FirstSale,
    CALCULATE ( [Total Sales],
        DATESINPERIOD ( 'Date'[Date], EndDate, -12, MONTH ) ) )
```

முதல் பில் எந்த நாள், கடைசிப் பில் எந்த நாள் என்று பார்த்துக்கொள்கிறது. மாதம் முடியவில்லை என்றால் கடைசிப் பில் நாளோடு நிறுத்துகிறது. மே 12 அன்று பார்த்தால் 2024 மே 13 முதல் 2025 மே 12 வரை. சரியாகப் பன்னிரண்டு மாதம். வராத மாதங்களும், பின்னால் பன்னிரண்டு மாதம் இல்லாத மாதங்களும் காலியாக நிற்கும்.

முதல் பில்லைத் தேடும்போது தேதி வடிகட்டியை மட்டும் நீக்கியிருப்பதற்கும், கடைசிப் பில்லுக்கு எல்லா வடிகட்டியையும் நீக்கியிருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு கிளை 2024 ஜூனில்தான் திறந்தது என்றால், அந்தக் கிளையின் கோடு 2025 மே மாதத்துக்குப் பிறகே தொடங்க வேண்டும். அதற்கு அந்தக் கிளையின் முதல் பில் தெரிய வேண்டும். கடைசி நாளோ கடை முழுவதற்கும் பொதுவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாளாகப் பில் போடாத ஒரு சின்னப் பிரிவு வேறு தேதியில் நின்றுகொண்டு, மற்றவற்றோடு ஒப்பிட முடியாமல் போகும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கடையைத் திறந்த மாதத்தின் முதல் தேதி விடுமுறை என்றால் முதல் பில் இரண்டாம் தேதியாக இருக்கும். அந்த ஒரு நாள் வித்தியாசத்தால் தொடக்கத்தில் ஒரு மாதம் கூடுதலாகக் காலியாக வரலாம். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இரண்டு தீபாவளி உள்ள ஆண்டு

இனி அட்டவணையில் உறுத்திக்கொண்டிருக்கும் அந்த 824-க்கு வருவோம். செப்டம்பரில் 736, அக்டோபரில் 824, நவம்பரில் 749. பருவத்தைக் கழித்துவிடும் என்று சொன்ன கோட்டில் இப்படி ஒரு கொம்பு முளைக்கலாமா?

கடை முதலாளி அக்டோபர் மாத அறிக்கையைப் பார்த்தால் சந்தோஷப்படுவார். நவம்பர் அறிக்கையில் கணக்கரைக் கூப்பிடுவார்.

“என்னப்பா, போன மாசம் எட்டே கால் கோடின்னு காட்டுச்சு, இப்ப ஏழரைக்கு எறங்கிட்டு? எங்க போச்சு முக்கால் கோடி?”

“அண்ணாச்சி, அது எங்கயும் போகல. போன மாசக் கணக்குல ரெண்டு தீவாளி மாட்டிக்கிடுச்சு.”

அதுதான் நடந்தது. அக்டோபர் 2024-இல் நின்று பின்னோக்கிப் பார்த்தால் 2023 நவம்பர் 1 முதல் 2024 அக்டோபர் 31 வரை. 2023 தீபாவளி நவம்பர் 12. அதற்கான வியாபாரத்தில் பெரும்பகுதி நவம்பர் முதல் பதினொரு நாட்களில் நடந்தது. அது உள்ளே இருக்கிறது. 2024 தீபாவளி அக்டோபர் 31. அதன் வியாபாரம் முழுவதும் அக்டோபரில். அதுவும் உள்ளே இருக்கிறது. பன்னிரண்டு மாதச் சட்டத்துக்குள் ஒரு முழு தீபாவளியும் இன்னொரு தீபாவளியின் பெரும்பாதியும் அடங்கிவிட்டன.

தமிழ் மாதம் சூரியனை வைத்து வருவது. தீபாவளி சந்திரனை வைத்து வருவது. ஐப்பசி அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிகிறது. அதற்குள் தீபாவளி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருப்பதால் அக்டோபருக்கும் நவம்பருக்கும் மாறி மாறி விழும். 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, இடையில் 384 நாள். அடுத்த தீபாவளிக்கு 354 நாள்தான். ஆங்கில ஆண்டுக்கு 365 நாள் என்பதால், பன்னிரண்டு மாதச் சட்டம் சில சமயம் இரண்டு தீபாவளியைப் பிடிக்கும், சில சமயம் ஒன்றைக்கூடப் பிடிக்காது. 2022 நவம்பர் 1 முதல் 2023 அக்டோபர் 31 வரை எண்ணிப் பாருங்கள், அதில் தீபாவளி நாளே வராது.

நல்ல வேளையாக, இந்தத் தொல்லை அக்டோபரில் முடியும் மொத்தத்துக்கு மட்டும்தான். வேறு எந்த மாதத்தில் முடிந்தாலும் அக்டோபரும் அடுத்து வரும் நவம்பரும் ஒரே சட்டத்துக்குள் ஜோடியாக இருக்கும். பண்டிகை இந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கம் விழுந்தாலும் மொத்தத்தில் ஒரு தீபாவளிதான். அட்டவணையில் இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் 2023-இல் 218, 2024-இல் 231. கூடியது 13 லட்சம். செப்டம்பரின் 736-இலிருந்து நவம்பரின் 749-க்குப் போனதும் அதே 13தான். நடுவிலுள்ள 824-ஐ விட்டுவிட்டால் கோடு ஒழுங்காகத்தான் ஏறியிருக்கிறது.

ஆகவே தீபாவளி வியாபாரம் செய்பவர்கள் அக்டோபர்ப் புள்ளியை வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டலாம், அல்லது தேதி டேபிளில் ஒரு பத்தி சேர்த்து அக்டோபர், நவம்பர் இரண்டையும் ‘தீபாவளிக் காலம்’ என்று ஒரே புள்ளியாக்கலாம். மாதம் முடியாமல் அக்டோபர் நடுவிலோ நவம்பர் தொடக்கத்திலோ பார்க்கும் மொத்தத்துக்கும் இதே கவனம் தேவை. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. எனவே 2026 அக்டோபர் மொத்தத்தில் கோடு திடீரென்று உள்வாங்கும், நவம்பரில் எழுந்துகொள்ளும். கணக்கர் இப்போதே அதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

போன ஆண்டு செய்தது இந்த ஆண்டு தெரியும்

வந்தவர் கழித்தல் போனவர் என்ற அதே விதிதான் அடுத்த சிக்கலுக்கும் காரணம். 2024 ஜனவரியில் ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்கு 30 லட்சத்துக்குச் சீருடை வாங்கியது என்று வைத்துக்கொள்வோம்; ஒரே தடவை வந்த ஆர்டர். நகரும் மொத்தம் அந்த ஜனவரியில் 30 ஏறும், பன்னிரண்டு மாதமும் அந்த உயரத்திலேயே இருக்கும். 2025 ஜனவரியில் வியாபாரம் வழக்கம்போல நடந்தாலும் கோடு 30 இறங்கும். அந்த மாதத்தில் என்ன தப்பு நடந்தது என்று தேடினால் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் காரணம் ஓராண்டுக்கு முன்னால் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020 ஏப்ரலில் ஊரடங்கால் ஜவுளிக்கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்த மாத விற்பனை ஏறக்குறைய பூஜ்யம். 2021 ஏப்ரல் வந்ததும் அந்தப் பூஜ்யம் வெளியே போக, எவ்வளவு விற்றதோ அவ்வளவும் அப்படியே ஏற்றமாகத் தெரிந்தது. அந்த ஏற்றத்தைப் பார்த்து ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை அறிவித்திருந்தால் கை கடித்திருக்கும்.

புதுக் கிளை திறந்தாலும் இதே கதைதான். திறந்த நாள் முதல் பன்னிரண்டு மாதம், உள்ளே வரும் ஒவ்வொரு மாதத்திலும் அந்தக் கிளை உண்டு, வெளியே போகும் மாதத்தில் அது இல்லை. கோடு விறுவிறுவென்று ஏறும். பதின்மூன்றாம் மாதம் சட்டென்று ஏற்றம் நின்றுவிடும், கிளை நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும்கூட. இதைப் பிரித்துப் பார்க்க, ஓராண்டுக்கு மேலான கிளைகளுக்கு மட்டும் இன்னொரு கோடு போடுவது வழக்கம்.

கோடு மெதுவாகத்தான் பேசும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மாதா மாதம் இருபது சதவீதம் வளர்ந்துகொண்டிருந்த பிரிவு திடீரென்று ஐந்து சதவீதத்துக்கு விழுந்தாலும் நகரும் மொத்தம் இன்னும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்; சாய்வு மட்டும் குறையும். கண்ணால் பார்த்து அதைப் பிடிப்பது கஷ்டம். அதனால் அதே பக்கத்தில், இந்த மாதம் போன ஆண்டின் அதே மாதத்தைவிட எத்தனை சதவீதம் கூடக் குறைய என்ற எண்ணையும் போட்டு வைப்பார்கள். நீண்டகாலப் போக்கைக் கோடு காட்டும், இந்த மாதச் சேதியை அந்த எண் சொல்லும்.

வரைபடம் போடும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். மாத விற்பனை 38-க்கும் 186-க்கும் இடையில், நகரும் மொத்தமோ 700-க்கு மேல். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் மாத விற்பனைப் பட்டைகள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நகரும் மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டால் தீர்ந்தது. 2024 டிசம்பரின் 751, மாதச் சராசரியாக 62.6 லட்சம் ஆகிவிடும். பட்டைகளின் நடுவே கோடு ஓடும்; எந்த மாதம் சராசரிக்கு மேலே, எது கீழே என்பது ஒரு பார்வையிலேயே தெரியும்.

அடுத்த மாதம் எத்தனை புடவை வாங்கிப் போடுவது என்பதை மட்டும் இந்தக் கோட்டிடம் கேட்கக் கூடாது. பருவத்தை வேண்டுமென்றே கழித்துவிட்ட எண் இது. கொள்முதலுக்குத் தேவைப்படுவதோ அந்தப் பருவம்தான். அதற்குப் போன ஆண்டின் அதே மாத விற்பனையை எடுத்து, நகரும் மொத்தம் ஓராண்டில் வளர்ந்த விகிதத்தால் உயர்த்திப் பார்க்கலாம். இந்தக் கடைக்கு 724-இலிருந்து 751 என்றால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட நாலு. 2025 மே மாதத்துக்குக் கொள்முதல் போடுபவர் 2024 மே மாத விற்பனையான 60 லட்சத்தோடு இரண்டே கால் லட்சத்தைச் சேர்த்து, 62 லட்சத்தை ஒட்டித் திட்டமிடத் தொடங்கலாம். வைகாசி முகூர்த்த நாட்கள் கூடியிருக்கின்றனவா என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து அதைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள்.